15 நிமிட சிங்க் 22 நிமிடம் ஓடினால்: பேட்ச் அளவும் வொர்க்கர் எண்ணிக்கையும்

ஒரு டேட்டாபேஸில் மாறிய பதிவுகளை எடுத்து இன்னொரு டேட்டாபேஸில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத்தான் சிங்க் என்கிறோம். அது 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் பதிவேட்டைப் பார்த்தால் ஓர் ஓட்டமே 22 நிமிடம் எடுக்கிறது. இந்த இடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "த்ரெட்டைக் கூட்டு" என்பார் ஒருவர். "பேட்சைப் பெரிதாக்கு" என்பார் இன்னொருவர். "அரை மணிக்கு ஒருமுறை ஓடட்டும், விடு" என்பார் மூன்றாமவர். மூன்றுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் நிலைமையைக் கெடுத்துவிடும். எது எப்போது சரி என்று தெரிய, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தால் போதும். கணக்கு கூட்டல், வகுத்தலைத் தாண்டாது.

## மாடிக்குப் புத்தகம் தூக்குவது

கீழ் அறையில் இருக்கும் ஆயிரம் புத்தகங்களை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் போனால் ஆயிரம் தடவை படியேற வேண்டும். நேரத்தைத் தின்பது புத்தகத்தின் எடை அல்ல, படிதான். பத்துப் பத்தாக அடுக்கித் தூக்கினால் நூறு தடவையோடு முடிந்தது. ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் என்பதுதான் பேட்ச் அளவு.

நூறு புத்தகத்தை ஒரே அடுக்காகத் தூக்கப் பார்த்தால் கை தாங்காது. நடுப்படியில் சரிந்தால் நூறையும் பொறுக்க வேண்டும். அதனால் பேட்சை நினைத்த அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது.

அடுத்த யோசனை, கூட நாலு பேரைக் கூப்பிடுவது. சிங்க்கில் இவர்களுக்கு வொர்க்கர் என்று பெயர், த்ரெட் என்றும் சொல்வார்கள்; எத்தனை வொர்க்கர் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள் என்பதே இணை ஓட்டத்தின் அளவு. நாலு பேர் இருந்தால் நாலு மடங்கு வேகம் வர வேண்டும். ஆனால் படிக்கட்டில் இரண்டு பேர்தான் ஒதுங்கிப் போக முடியும் என்றால், ஐந்தாவது ஆள் வந்ததும் எல்லோரும் படியில் நின்று வழிவிடுவதிலேயே நேரம் போகும். படிக்கட்டின் அகலம் சிங்க்கில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் சாரம்.

## முதலில் ஒரு கேள்வி: பின்தங்கல் நிற்கிறதா, வளர்கிறதா?

"இடைவெளியைவிட அதிக நேரம் ஓடுகிறது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

சிங்க் ஒவ்வொரு முறையும் "கடைசியாக எதுவரை முடித்தோம்" என்று ஒரு குறி வைத்துக்கொள்ளும். அதை வாட்டர்மார்க் என்பார்கள். அடுத்த ஓட்டம் அந்தக் குறிக்குப் பின் மாறிய பதிவுகளை மட்டும் எடுக்கும். ஆக, ஓட்டம் தாமதமானால் அடுத்த ஓட்டத்துக்குச் சுமை கூடும். இந்தச் சுமை எங்காவது நிலைகொள்கிறதா, இல்லை பனிப்பந்து மாதிரி உருளுகிறதா என்பதே கேள்வி.

நம் உதாரணத்தில் சிங்க் நிமிடத்துக்கு 6,000 பதிவுகளை எழுதும். அதற்கு முன் எதை எழுதுவது என்று தேடிப் பட்டியல் எடுக்க ஒவ்வொரு ஓட்டத்திலும் 2 நிமிடம் தனியாகப் போகும். ஓர் ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காது. தவறிய முறை அப்படியே கைவிடப்படும்.

நிமிடத்துக்கு 5,500 பதிவுகள் மாறுகின்றன என்று வைப்போம். 15 நிமிடத்தில் 82,500. எழுத 13.75 நிமிடம், தேட 2, மொத்தம் 15.75. முக்கால் நிமிடம்தான் கூடுதல். ஆனால் அதற்குள் 15-ஆவது நிமிடத்து முறை தவறிவிட்டது. அடுத்தது 30-இல் தொடங்குகிறது. அதற்கு இப்போது 30 நிமிட மாற்றங்கள், அதாவது 1,65,000 பதிவுகள். எழுத 27.5, தேட 2, மொத்தம் 29.5. 60-ஆவது நிமிடத்துக்கு அரை நிமிடம் முன்னால் முடிகிறது. அடுத்ததும் அதேபோல 29.5. பின்தங்கல் அங்கேயே நின்றுவிட்டது. யாரும் முடிவு செய்யாமலே உங்கள் 15 நிமிட சிங்க் 30 நிமிட சிங்க் ஆகிவிட்டது, அவ்வளவுதான். பயன்படுத்துபவர்களுக்கு அது பரவாயில்லை என்றால் இதை அவசரமாகத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது நிமிடத்துக்கு 8,000 மாறுகிறது என்று வைப்போம். முதல் ஓட்டம் 1,20,000 பதிவுகள்: 20 நிமிடம், தேடல் 2, மொத்தம் 22. இரண்டாவது 30-இல் தொடங்கும். 30 நிமிட மாற்றங்களைச் சுமந்து 42 நிமிடம் ஓடும். மூன்றாவது 75-இல் தொடங்கி 62 நிமிடம். நான்காவது 150-இல் தொடங்கி 102 நிமிடம். இது எங்கும் நிற்காது. மாற்றம் வரும் வேகம் எழுதும் வேகத்தைத் தாண்டிவிட்டது. இடைவெளியை 15-லிருந்து 30-க்கோ 60-க்கோ மாற்றினாலும் மிச்சம் மிச்சம்தான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கடைசி ஐந்தாறு ஓட்டங்களின் நேரத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள். 16, 29, 30, 29 என்று போனால் முதல் வகை. 22, 42, 62, 102 என்று போனால் இரண்டாவது வகை. இனிமேல் இந்த இரண்டாவது வகையைத்தான் சரிசெய்யப் போகிறோம்.

இதுவரை பார்த்தது: ஓட்ட நேரம் இடைவெளியைத் தாண்டுவது ஓர் அறிகுறி மட்டும்தான். பார்க்க வேண்டியது இரண்டு வேகங்களை: பதிவு மாறும் வேகம், பதிவு எழுதும் வேகம். முதலாவது இரண்டாவதைத் தாண்டினால் அட்டவணையை மாற்றிப் பயனில்லை.

## கை வைப்பதற்கு முன் ஒரு பூட்டு

மேலே "ஓர் ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காது" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். பல இடங்களில் அது தானாக நடப்பதில்லை. லினக்ஸின் க்ரான் பழையது ஓடுகிறதா என்று பார்க்காது, நேரம் வந்ததும் புதியதைக் கிளப்பிவிடும். குபர்நெட்டீஸின் க்ரான்ஜாபும் நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அப்படித்தான். அதில் `concurrencyPolicy: Forbid` என்று எழுதினால்தான் நிற்கும். சிஸ்டம்டி டைமர் மட்டும் சமர்த்து, அது கிளப்பும் சேவை ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவதைத் தொடங்காது.

இரண்டு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் என்ன ஆகும்? முதல் ஓட்டம் முடியாததால் வாட்டர்மார்க் நகர்ந்திருக்காது. இரண்டாவதும் அதே இடத்திலிருந்து அதே பதிவுகளை மறுபடி எடுக்கும். செய்த வேலையையே திரும்பச் செய்யும், சேருமிடம் இரட்டைச் சுமையில் திணறும், இரண்டுமே தாமதமாகும். அதற்குள் மூன்றாவது கிளம்பிவிடும். இந்த நிலையில் எதை அளந்தாலும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. க்ரானில் ஓடுவதாக இருந்தால் ஒரே வரி போதும்:

```
*/15 * * * * flock -n /tmp/sync.lock /opt/sync/run.sh
```

பூட்டு கிடைக்காவிட்டால் `-n` இருப்பதால் அந்த முறை சத்தமில்லாமல் விலகிவிடும்.

## பேட்சுக்கு இரண்டு விலை

இப்போது எழுதும் பகுதிக்குள் போவோம். நம் சிங்க் 100 பதிவுகளை ஒரு பேட்சாக அனுப்புகிறது. ஒரு பேட்சுக்கு 1 விநாடி ஆகிறது. அப்படியானால் ஒரு பதிவுக்கு 10 மில்லி விநாடி என்று வகுத்துவிடத் தோன்றும். அந்த வகுத்தல்தான் ஏமாற்றும்.

ஒரு பேட்சின் நேரம் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று நிலைச்செலவு: நெட்வொர்க்கில் போய்வரும் நேரம், சேருமிடம் வேலையைத் தொடங்கும் நேரம், கடைசியில் கமிட் செய்து வட்டில் பதியும் நேரம். பேட்சில் 10 இருந்தாலும் 1,000 இருந்தாலும் இது கிட்டத்தட்ட மாறாது. படியேறி இறங்குவது மாதிரி. மற்றது பதிவுச்செலவு: ஒவ்வொரு பதிவையும் எழுத, அதன் இன்டெக்ஸ்களைத் திருத்த ஆகும் நேரம். இது பதிவுகளின் எண்ணிக்கையோடு கூடும்.

இரண்டையும் பிரிக்க, இரண்டு வெவ்வேறு அளவுகளில் அளந்தால் போதும். 100 பதிவுக்கு 1.0 விநாடி. அளவை 500 ஆக்கிப் பார்த்தால் 1.8 விநாடி வந்தது. 400 பதிவுகள் கூடியதற்கு 0.8 விநாடிதான் கூடியிருக்கிறது. ஆக ஒரு பதிவுக்கு 0.002 விநாடி. 100 பதிவுக்கு அது 0.2 விநாடி. மீதி 0.8 விநாடி நிலைச்செலவு.

இதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிடும். 100 அளவில், ஒவ்வொரு விநாடியிலும் ஐந்தில் நான்கு பங்கு படியேறுவதிலேயே போயிருக்கிறது. (அளக்கும்போது ஒரே ஒரு பேட்சை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இருபது, முப்பது பேட்ச் ஓடவிட்டு நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். முதல் பேட்ச் எப்போதும் கொஞ்சம் மந்தமாகவே இருக்கும்.)

இனி அளவைக் கூட்டினால் என்ன வரும் என்று கணக்கே சொல்லிவிடும்:

| பேட்ச் அளவு | ஒரு பேட்சுக்கு | விநாடிக்குப் பதிவுகள் | 1,20,000 பதிவுகளுக்கு |
|---|---|---|---|
| 100 | 1.0 விநாடி | 100 | 20 நிமிடம் |
| 500 | 1.8 விநாடி | 278 | 7.2 நிமிடம் |
| 1,000 | 2.8 விநாடி | 357 | 5.6 நிமிடம் |
| 2,000 | 4.8 விநாடி | 417 | 4.8 நிமிடம் |
| 5,000 | 10.8 விநாடி | 463 | 4.3 நிமிடம் |

100-லிருந்து 500-க்குப் போனதில் 13 நிமிடம் மிச்சமானது. 1,000-லிருந்து 5,000-க்குப் போனால் 1.3 நிமிடம்தான் மிச்சம். பேட்ச் எவ்வளவு பெரிதானாலும் விநாடிக்கு 500-ஐத் தாண்டவே முடியாது, ஏனென்றால் ஒரு பதிவுக்கு 0.002 விநாடி கட்டாயம். "பேட்சைப் பெரிதாக்கு" என்பவர் பாதி சரி என்று சொன்னது இதனால்தான்: முதல் தாவலில் அள்ளிக் கொடுக்கும், அப்புறம் கிள்ளித்தான் கொடுக்கும்.

## பெரிய பேட்ச் எங்கே உடையும்

கிள்ளிக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று 5,000-க்குப் போகலாமா? நான் போகமாட்டேன்.

முதல் காரணம் டைம்அவுட், அதாவது பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்ற வரம்பு. அது 30 விநாடி என்று வைப்போம். அமைதியான நேரத்தில் 5,000 பேட்ச் 10.8 விநாடியில் முடியும். சேருமிடம் மும்மடங்கு மந்தமாகும் ஒரு நேரத்தில் 32 விநாடி ஆகிவிடும். சிங்க் "பதில் வரவில்லை" என்று கைவிட்டு அதே பேட்சை மறுபடி அனுப்பும். ஆனால் சேருமிடம் பழையதையும் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கலாம். சுமை இரட்டிக்கும், இன்னும் மந்தமாகும், அடுத்த பேட்சும் டைம்அவுட் ஆகும். பதிவேட்டில் ஒரே பேட்ச் எண் திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, கெட்ட பதிவு. 5,000-இல் ஒன்றில் தேதி தப்பாக இருந்தாலும் மொத்த பேட்சும் திரும்பி வரும். பேட்சைப் பாதி பாதியாகப் பிரித்து அனுப்பினால் குற்றவாளியைப் பிடித்துவிடலாம், ஆனால் பேட்ச் பெரிதாக இருந்தால் அந்த வேட்டையும் நீளும்.

மூன்றாவது, சேருமிடமே வைத்திருக்கும் உச்சவரம்பு. போஸ்ட்கிரஸில் ஒரு கட்டளைக்கு 65,535 மதிப்புகளுக்கு மேல் தனித்தனியாகக் கட்டி அனுப்ப முடியாது. ஒரு பதிவில் 20 நெடுவரிசை இருந்தால் 3,276 பதிவோடு வரம்பு வந்துவிடும். 2,000-இல் ஒழுங்காக ஓடிய நிரல் 5,000-இல் உடனே விழுந்தால் இப்படி ஏதோ ஒரு வரம்பைத்தான் தேட வேண்டும்.

இதுவரை பார்த்தது: பேட்ச் அளவு நிலைச்செலவை மட்டும்தான் பங்குபோடும். பலன் சட்டென்று குறைந்துவிடும், அபாயமோ கூடிக்கொண்டே போகும். நம் கணக்கில் 500-க்கும் 1,000-க்கும் நடுவில்தான் நல்ல இடம்.

## வொர்க்கர்: காத்திருக்கும் நேரத்தில் இன்னொரு வேலை

1,000 அளவில் ஓட்டம் 5.6 நிமிடம், தேடல் 2 சேர்த்து 7.6. பதினைந்தில் பாதி. இங்கேயே நிறுத்தலாமே? சாதாரண நாளில் நிறுத்தலாம். ஆனால் நம் மூலத்தில் நெரிசல் நேரத்தில் மூன்று மடங்கு மாற்றம் வருகிறது: நிமிடத்துக்கு 24,000, அதாவது விநாடிக்கு 400. ஒரு வொர்க்கர் 357-தான் தருவார். தினமும் அந்தச் சில மணி நேரம் பின்தங்கல் வளரும். ஆகவே இரண்டாவது குமிழைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

வொர்க்கர் கூட்டுவது ஏன் வேலை செய்கிறது? நிலைச்செலவின் 0.8 விநாடியில் பெரும்பகுதி சும்மா காத்திருப்பது. ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்கும்போது இன்னொருவர் தன் பேட்சை அனுப்பலாம். கவனியுங்கள்: பெரிய பேட்ச் காத்திருப்பின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, கூடுதல் வொர்க்கர் காத்திருப்பை நிரப்புகிறது. இரண்டும் பெரிதும் ஒரே காத்திருப்பைத்தான் குறிவைக்கின்றன. அதனால் "பேட்சில் 3 மடங்கு, வொர்க்கரில் 4 மடங்கு, மொத்தம் 12 மடங்கு" என்ற பெருக்கல் ஒருநாளும் நடப்பதில்லை.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் வருகிறது. வொர்க்கர் கூடினால் பேட்ச் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 1,000-க்குப் பதில் 500-க்கு இறங்கலாம். தோற்றால் திரும்பச் செய்வது குறைவு, பதிவுகள் பூட்டப்பட்டிருக்கும் நேரமும் குறைவு.

500 அளவை வைத்துக்கொண்டு வொர்க்கரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தபோது ஒரு பேட்சின் நேரம் இப்படி நகர்ந்தது. ஒருவர்: 1.8 விநாடி. இருவர்: 1.9. மூவர்: 2.1. நால்வர்: 2.4. எட்டுப் பேர்: 4.8.

விநாடிக்கு எத்தனை பதிவு என்று பார்க்க, வொர்க்கர் எண்ணிக்கையை 500-ஆல் பெருக்கி பேட்ச் நேரத்தால் வகுக்க வேண்டும். இருவருக்கு 526. மூவருக்கு 714. நால்வருக்கு 833. எட்டுப் பேருக்கும் அதே 833!

அதாவது நான்குக்கு மேல் கூட்டிய நான்கு பேரும் ஒரு பதிவைக்கூடக் கூடுதலாக எழுதவில்லை. படிக்கட்டில் நிற்கிறார்கள். சேருமிடத்தின் வட்டோ சிபியுவோ விநாடிக்கு 833-இல் நிரம்பிவிட்டது. அதற்குமேல் வருவதெல்லாம் வரிசையில் காத்திருக்கிறது. இந்தத் தொடர்பு தற்செயல் அல்ல. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது வேகத்தையும் ஒருவர் உள்ளே செலவிடும் நேரத்தையும் பெருக்கியது. ஜான் லிட்டில் 1961-இல் இதற்கு நிரூபணம் கொடுத்தார். லிட்டில் விதி என்றே பெயர். வேகம் கூட மறுக்கும்போது ஆளைக் கூட்டினால், கூடக்கூடியது காத்திருப்பு மட்டும்தான்.

"த்ரெட்டைக் கூட்டு" என்ற அறிவுரையின் எல்லை இதுதான். வேகத்தை மட்டும் பார்த்தால் எட்டுப் பேர் கெடுதல் செய்யாத மாதிரித் தோன்றும், 833 அப்படியே இருக்கிறதே என்று. பேட்ச் நேரத்தைப் பார்த்தால்தான் இரட்டிப்பு தெரியும். நானும் ஒருமுறை 16 வொர்க்கர் வைத்துவிட்டு, சிங்க் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். அதே டேட்டாபேஸைப் படிக்கும் வேறொரு திரை திறக்கவே மாட்டேன் என்கிறது என்று மாலையில் புகார் வந்தபோதுதான் படிக்கட்டை யார் அடைத்துக்கொண்டிருந்தது என்று புரிந்தது.

அதனால் விதி ஒன்று: ஒவ்வொரு வொர்க்கராகக் கூட்டுங்கள், பேட்ச் நேரம் தொடக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியதும் ஒருபடி பின்வாங்குங்கள். நம் எண்களில் நால்வருக்கு 1.8 என்பது 2.4 ஆகிவிட்டது, ஆகவே மூவர். நெரிசல் நேரத்துக்கு 714 போதுமா? 15 நிமிடத்துக்கு 3,60,000 பதிவுகள், 8.4 நிமிடம், தேடல் 2, மொத்தம் 10.4. இடைவெளிக்குள் அடங்குகிறது, மூச்சுவிடவும் இடம் இருக்கிறது.

சேருமிடம் டேட்டாபேஸாக இல்லாமல் வெளி ஏபிஐ ஆக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே பெரும்பாலும் நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்று எண்ணித்தான் விடுவார்கள். தாண்டினால் `429` என்ற பதில் வரும். கோரிக்கையைத்தான் எண்ணுகிறார்கள் என்பதால் அங்கே முதலில் பேட்சை அனுமதித்த உச்சத்துக்குக் கொண்டுபோவதே லாபம். வொர்க்கரைக் கூட்டினால் வரம்பை இன்னும் சீக்கிரம் முட்டுவீர்கள், வேறு ஒன்றும் நடக்காது.

## மூவர் ஒரே பதிவைத் தொட்டால்

ஒருவர் மட்டும் வேலை செய்தபோது இல்லாத இரண்டு சிக்கல்கள் இப்போது வரும்.

ஒன்று, வரிசை மாறுவது. ஓர் ஆர்டர் 10:01-க்கு "அனுப்பப்பட்டது" என்றும் 10:04-க்கு "ரத்து" என்றும் மாறியது. முதல் மாற்றம் ஒருவர் கையிலும் இரண்டாவது இன்னொருவர் கையிலும் போய், இரண்டாமவர் முந்திக்கொண்டால், கடைசியில் சேருமிடத்தில் "அனுப்பப்பட்டது" என்றே நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதைத் தவிர்க்க, ஒரே ஆர்டர் எப்போதும் ஒரே வொர்க்கரிடம் போகும்படி பிரிக்க வேண்டும்: `hash(order_id) % 3`. அதோடு, பழையது புதியதை மிதிக்காதபடி எழுதும் இடத்திலும் ஒரு காவல் வைத்துவிடுவது நல்லது:

```sql
INSERT INTO orders (id, status, updated_at) VALUES (...)
ON CONFLICT (id) DO UPDATE
  SET status = EXCLUDED.status,
      updated_at = EXCLUDED.updated_at
  WHERE orders.updated_at < EXCLUDED.updated_at;
```

இப்படி எழுதினால் டைம்அவுட் ஆகி அதே பேட்ச் இரண்டாவது முறை போனாலும் கெடுதல் இல்லை.

இந்தப் பிரிவினை இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. இரண்டு வொர்க்கர்கள் ஒரே பதிவுகளை வெவ்வேறு வரிசையில் பூட்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பார்கள். போஸ்ட்கிரஸ் `deadlock detected` என்று சொல்லி ஒருவரை வெளியே தள்ளும். ஆளுக்கொரு பங்கு என்று ஆனபின், ஒரே பதிவில் இருவர் மோத வழியில்லை.

இரண்டாவது சிக்கல் வாட்டர்மார்க். மூவரில் ஒருவர் 10:15 வரை முடித்துவிட்டார், இன்னொருவர் 10:06-இல்தான் நிற்கிறார். இப்போது 10:15 என்று குறித்துவிட்டு நிரல் இடையில் விழுந்தால், 10:06 முதல் 10:15 வரை அந்தப் பங்கில் மாறிய பதிவுகள் ஒருநாளும் போய்ச் சேராது. குறிக்க வேண்டியது மூவரில் மிகப் பின்தங்கியவரின் நேரத்தை. அதனால் சில பதிவுகள் இரண்டு முறை எழுதப்படலாம். மேலே வைத்த காவல் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இதுவரை பார்த்தது: வொர்க்கர் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பேட்ச் நேரம் ஏறத் தொடங்கும் இடம். ஒரே பதிவு ஒரே வொர்க்கரிடம் போக வேண்டும், வாட்டர்மார்க் கடைசி ஆளோடு நடக்க வேண்டும்.

## ஏற்கெனவே சேர்ந்த பாக்கி

அமைப்பைத் திருத்திய நேரத்தில் சிங்க் 4 மணி நேரம் பின்தங்கியிருந்தது என்று வைப்போம். நிமிடத்துக்கு 8,000 வீதம் 19,20,000 பதிவுகள் பாக்கி. விநாடிக்கு 714 எழுதுகிறோம் என்றாலும், புதிதாக விநாடிக்கு 133 வந்துகொண்டே இருக்கிறது. பாக்கியைத் தீர்ப்பது நடுவில் உள்ள 581 மட்டுமே. 19,20,000-ஐ 581-ஆல் வகுத்தால் சுமார் 55 நிமிடம். ஒற்றை வொர்க்கர், 1,000 பேட்ச் என்று விட்டிருந்தால் மிச்சம் 224. பாக்கி தீர 2 மணி 23 நிமிடம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 4 மணி நேர மாற்றத்தையும் ஒரே ஓட்டத்தில் விழுங்க விட்டால், 40-ஆவது நிமிடத்தில் ஏதாவது அறுந்துபோனால் நிரல் எழுதப்பட்ட விதத்தைப் பொறுத்து எல்லாமே முதலிலிருந்து தொடங்கலாம். ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நிமிட மாற்றங்களைத்தான் எடுக்கும் என்று ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். பத்துப் பதினொரு ஓட்டம் ஆகும், ஆனால் வாட்டர்மார்க் ஒவ்வொரு ஓட்டத்திலும் நகரும். அறுந்தாலும் இழப்பு ஒரு துண்டோடு போகும். பாக்கி தீரும்வரை அடுத்த முறைக்காகக் காத்திராமல் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கச் சொல்லலாம்.

## இரண்டு குமிழும் தொடாத அந்த 2 நிமிடம்

தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கணக்கிலும் "தேடல் 2 நிமிடம்" என்று கூட்டிக்கொண்டே வந்தோம். 22 நிமிட ஓட்டத்தில் அது கண்ணில் படாத துளி. இப்போது சாதாரண நேரத்தில் 1,20,000 பதிவை எழுத 2.8 நிமிடம்தான் ஆகிறது, மொத்தம் 4.8. அதில் ஐந்தில் இரண்டு பங்கு எழுதுவதற்கு முன்பே போய்விடுகிறது. பேட்சை என்ன செய்தாலும் வொர்க்கரை எத்தனை கூட்டினாலும் இது அசையாது, ஏனென்றால் இது எழுதும் பக்கத்திலேயே இல்லை.

போஸ்ட்கிரஸில் அந்தத் தேடலின் முன்னால் `EXPLAIN ANALYZE` போட்டு ஓட்டிப் பாருங்கள். `Seq Scan` என்று வந்தால், மாறிய ஒரு லட்சத்துச் சொச்சம் பதிவுகளைக் கண்டுபிடிக்க முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது என்று பொருள். `updated_at` நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

```sql
CREATE INDEX CONCURRENTLY orders_updated_at_idx
  ON orders (updated_at, id);
```

`CONCURRENTLY` என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இன்டெக்ஸ் உருவாகி முடியும்வரை அட்டவணையில் யாரும் எழுத முடியாது. பக்கம் பக்கமாகப் படிக்க `OFFSET` பயன்படுத்தியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, கடைசியாகப் படித்த `(updated_at, id)`-க்குப் பிறகு என்று கேளுங்கள். `OFFSET 100000` என்றால் ஒரு லட்சம் பதிவைப் படித்துத் தூக்கியெறிந்துவிட்டுத்தான் அடுத்ததைத் தரும்.

தேடல் சில விநாடியாகச் சுருங்கினால் நம் ஓட்டம் 3 நிமிடத்துக்கு வந்துவிடும். அப்போது இடைவெளியை 15-லிருந்து 5 நிமிடமாகக் குறைப்பதையே யோசிக்கலாம்: 40,000 பதிவுகள், விநாடிக்கு 714 வீதம், 56 விநாடி. நெரிசல் நேரத்தில் 1,20,000 பதிவுகள், 2.8 நிமிடம்.